கண்காட்சிக்குப் பணம் கட்டும் முன் பெயர்ப் பட்டியல் எழுதுங்கள்

கரூரில் எங்களுடையது சின்ன யூனிட். சமையலறைத் துண்டு, ஏப்ரன், டேபிள் ரன்னர், ஓவன் கையுறை, இவ்வளவுதான் எங்கள் சரக்கு. பல வருடம் பெரிய ஏற்றுமதியாளர்களுக்கு ஜாப் ஒர்க் செய்தோம். நேரடியாக ஏற்றுமதி செய்யலாம் என்று இறங்கியதும் முதல் காரியமாக ஒரு வெளிநாட்டுக் கண்காட்சியில் 9 சதுர மீட்டர் ஸ்டால் எடுத்தேன். இடத்துக்கும் ஸ்டால் அமைப்புக்கும் 6.2 லட்சம், இரண்டு பேர் போய்வர 3.4 லட்சம், சாம்பிள் தைத்து அனுப்ப 1.2 லட்சம். மொத்தம் 10.8 லட்சம்.

நான்கு நாளில் 43 விசிட்டிங் கார்டு சேர்ந்தது. ஊருக்கு வந்து மேசையில் பரப்பிப் பிரித்தேன். அதில் 17 பேர் எங்களிடம் எதையாவது விற்க வந்தவர்கள்: சரக்கு அனுப்பும் ஏஜென்ட், மென்பொருள்காரர், அடுத்த கண்காட்சிக்கு இடம் விற்பவர். 15 பேர் ஐம்பது துண்டு, நூறு துண்டு கேட்ட சிறு கடைக்காரர்கள். 6 பேர் நம்மூர் ஏற்றுமதியாளர்களே. மீதி 5 பேர்தான் உண்மையான பையர்கள். அந்த ஐந்திலும் ஆர்டர் வரவில்லை.

அடுத்த முறை ஸ்டால் எடுக்காமல் பார்வையாளனாகப் போனேன். போகும் முன் மூன்று மாதம் உட்கார்ந்து பட்டியல் எழுதினேன். அந்தப் பயணத்தில் வந்த ஆர்டரில்தான் இன்று யூனிட் ஓடுகிறது. இரண்டுக்கும் நடுவில் நான் கற்றதை வரிசையாக எழுதுகிறேன். வீட்டு ஜவுளியை வைத்தே சொல்கிறேன், எனக்குத் தெரிந்த தொழில் அது.

1. எத்தனை ஆர்டர் வந்தால் போட்ட பணம் திரும்பும்?

கண்காட்சி அமைப்பாளரின் சிற்றேட்டைத் திறக்கும் முன் இந்தக் கணக்கைப் போடுங்கள். எங்களுக்கு ஒரு சராசரி ஆர்டர் 18 லட்சம் ரூபாய். நூல், சாயம், தையல், பேக்கிங், வட்டி எல்லாம் போக 6 சதவீதம் நின்றால் நல்ல ஆர்டர். அதாவது ஓர் ஆர்டருக்கு 1.08 லட்சம். 10.8 லட்சம் செலவான ஸ்டாலுக்கு அசல் திரும்பவே 10 ஆர்டர், 1.8 கோடி வியாபாரம் வேண்டும். எங்கள் தறி முழுதும் ஓடினாலும் அந்த வருடம் அவ்வளவு நெய்திருக்க முடியாது. இந்தக் கணக்கைப் பணம் கட்டும் முன் போட்டிருந்தால் நான் கட்டியிருக்கவே மாட்டேன்.

அதே ஊருக்குப் பார்வையாளனாக ஒருவர் மட்டும் போய்வர எனக்கு 2.1 லட்சம் ஆனது. அதற்கு இரண்டு ஆர்டர் போதும்.

செலவை எழுதும்போது ஸ்டால் வாடகையோடு நிறுத்திவிடாதீர்கள். சதுர மீட்டர் விலை என்று சொல்வது பெரும்பாலும் வெறும் தரைக்குத்தான். சுவர், விளக்கு, அலமாரி, மின் இணைப்பு, தினசரித் துடைப்பு, கண்காட்சி இணையதளத்தில் உங்கள் பெயர் வருவதற்கான கட்டாயக் கட்டணம் எல்லாம் தனித்தனியாக வரும். "நான் நான்கு நாள் ஸ்டாலில் நின்றுவிட்டு வெளியே வரும்போது மொத்தம் எவ்வளவு கட்டியிருப்பேன்?" என்று மின்னஞ்சலில் கேட்டு, எழுத்திலேயே பதில் வாங்குங்கள்.

2. அந்தக் கண்காட்சிக்கு யார் வருகிறார்கள்?

வீட்டு ஜவுளிக்கு ஒவ்வொரு ஜனவரியிலும் ஃபிராங்க்ஃபர்ட்டில் நடக்கும் ஹைம்டெக்ஸ்டில்தான் பெரியது. பிப்ரவரியில் அதே மைதானத்தில் அம்பியன்டே நடக்கும். இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும், ஆனால் வருபவர்கள் வேறு. ஹைம்டெக்ஸ்டிலில் துணியே தொழிலாக உள்ளவர்கள் வருவார்கள்: படுக்கை விரிப்பு, திரைச்சீலை, துண்டு, துணி வாங்குபவர்கள். அம்பியன்டே பாத்திரம், மேசைச் சாமான், அலங்காரப் பொருள், பரிசுப் பொருள் என்று பரந்தது. சமையலறைத் துண்டையும் ஏப்ரனையும் பாத்திரக்கடைக்காரரும் வாங்குவார் என்பதால் எங்களைப் போன்றவர்களுக்கு அங்கேயும் வேலை உண்டு. படுக்கை விரிப்பு மட்டும் செய்பவருக்கு அங்கே அவ்வளவு வேலை இல்லை.

நம் நாட்டிலேயே கிரேட்டர் நொய்டாவில் கைவினைப் பொருள் ஏற்றுமதி கவுன்சில் வருடம் இரண்டு முறை நடத்தும் டெல்லிக் கண்காட்சி இருக்கிறது. டெல்லி பாரத் மண்டபத்தில் பாரத் டெக்ஸ் என்ற ஜவுளிக் கண்காட்சி 2024-லும் 2025-லும் நடந்தது. புதியவர்களுக்கு நான் முதலில் சொல்வது நொய்டாவைத்தான். விசா வேண்டாம், வெளிநாட்டு பையரோடு அவருடைய டெல்லி ஏஜென்ட்டும் கூடவே வருவார். அந்த ஏஜென்ட்டுகளைப் பலர் கண்டுகொள்வதில்லை. நடுத்தர இறக்குமதியாளர் பலர் இந்தியாவில் வாங்குவது ஏஜென்ட் மூலம்தான்.

அமைப்பாளர் சொல்லும் கூட்ட எண்ணிக்கையை அப்படியே நம்பாதீர்கள். ஜெர்மன் கண்காட்சிகளில் எஃப்கேஎம் என்ற அமைப்பு தணிக்கை செய்த எண்கள் கிடைக்கும். உலக அளவில் யூஎஃப்ஐ என்ற கண்காட்சிச் சங்கம், தணிக்கை செய்த எண்ணுள்ள கண்காட்சிகளுக்கு அங்கீகாரம் தருகிறது. அதில் மொத்த எண்ணிக்கையைத் தாண்டிக் கீழே போங்கள். பார்வையாளர் எந்த நாட்டுக்காரர், எந்தத் தொழில், வாங்கும் முடிவில் பங்குள்ளவரா என்ற பிரிவுகள் இருக்கும். நான் ஸ்டால் எடுத்த கண்காட்சியில் இந்தப் பிரிவு எதையும் வெளியிடவில்லை. "ஒரு லட்சம் பார்வையாளர்" என்று மட்டும் போட்டிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை பொதுமக்களை உள்ளே விட்டபோதுதான் அந்த லட்சம் எங்கிருந்து வந்தது என்று புரிந்தது. பொதுமக்களுக்கு அனுமதி உண்டா என்று பணம் கட்டும் முன்பே கேளுங்கள்.

இன்னொன்று: போன வருடம் ஸ்டால் போட்ட உங்கள் தரத்து ஆட்கள் இந்த வருடமும் போடுகிறார்களா என்று பாருங்கள். போன வருடப் பட்டியலும் இந்த வருடப் பட்டியலும் இணையத்தில் இருக்கும். இந்தியாவிலிருந்து போன துண்டு வியாபாரிகள் இருபது பேரில் பதினைந்து பேர் திரும்ப வந்திருந்தால் அங்கே வியாபாரம் இருக்கிறது. மூன்று பேர்தான் திரும்பியிருக்கிறார்கள் என்றால், வராமல்போனவர்களில் இருவருக்குப் போன் செய்து காரணம் கேளுங்கள். நம் ஊர்க்காரர்கள் இதை மறைக்காமல் சொல்வார்கள்.

3. முப்பது பெயர்ச் சோதனை

என் முதல் நஷ்டத்துக்குப் பிறகு, எங்கள் தெருவில் முப்பது வருடமாக ஏற்றுமதி செய்யும் அண்ணன் ஒருவரிடம் போய் உட்கார்ந்தேன். அடுத்து எந்தக் கண்காட்சிக்குப் போகலாம் என்று கேட்டேன். அவர் திருப்பிக் கேட்டார்: "அங்க யாரைப் பாக்கப் போறீங்க தம்பி?"

"பையர்ஸைத்தாங்ணா."

"பேரைச் சொல்லுங்க."

எனக்கு ஒரு பெயரும் சொல்லத் தெரியவில்லை. "முப்பது பேரு எழுதிட்டு வாங்க, அப்புறம் எந்த ஊருன்னு பேசலாம்" என்று அனுப்பிவிட்டார்.

நான் அதுவரை கண்காட்சியைத் தேர்ந்துவிட்டுத்தான் பட்டியல் என்று நினைத்திருந்தேன். அது தலைகீழ். பட்டியல்தான் கண்காட்சியைத் தேர்ந்து தரும். யோசித்துக்கொண்டிருக்கும் ஒவ்வொரு கண்காட்சிக்கும், அங்கே நிச்சயம் வருவார்கள் என்று தெரிந்த, உங்கள் சரக்கை உங்கள் அளவில் வாங்கக்கூடிய 30 நிறுவனங்களின் பெயரை எழுதப் பாருங்கள். 30 தேறினால் அது போக வேண்டிய இடம். 15-க்குக் கீழே என்றால் ஸ்டாலுக்குப் பணம் கட்டாதீர்கள், பார்வையாளராக மட்டும் போங்கள். எட்டுகூடத் தேறவில்லை என்றால் டிக்கெட்டும் எடுக்காதீர்கள். இந்த எண்கள் நான் எனக்கு வைத்துக்கொண்டவை. ஓர் ஆர்டரே ஒரு கோடி வரும் தொழில் என்றால் பத்துப் பெயரே போதும்.

எனக்கு ஹைம்டெக்ஸ்டிலுக்கு 31 பெயர் தேறியது. இன்னொரு நாட்டில் நடக்கும், பலர் சிபாரிசு செய்த கண்காட்சிக்கு 6 பெயர்தான். அதற்கு ஸ்டாலில் நாற்பது சதவீதம் தள்ளுபடி என்று வாரம் இரண்டு மெயில் வந்துகொண்டிருந்தது. தேதி நெருங்கியும் இடம் விற்கவில்லை என்பதுதான் அந்தத் தள்ளுபடியின் அர்த்தம்.

4. பெயர்களை எங்கே தேடுவது

முதல் இடம், கண்காட்சியின் ஸ்டால்காரர் பட்டியலே. "அவர்களும் விற்பவர்கள்தானே" என்று நினைப்போம். ஸ்டால் போடும் ஐரோப்பியரில் பலர் தறியே இல்லாதவர்கள். இந்தியா, துருக்கி, போர்ச்சுக்கல் என்று வெளியில் செய்து வாங்கி, தங்கள் பிராண்டில் கடைகளுக்கு விற்பவர்கள். நமக்கு அவர்கள்தான் பையர். அவர்கள் அங்கே நிச்சயம் இருப்பார்கள், எந்த ஹாலில் எந்த எண்ணில் என்பது வரை முன்கூட்டியே தெரியும். பட்டியலை நாடு, பொருள் வகை என்று வடிகட்டி, ஒவ்வொருவரின் இணையதளத்தையும் திறந்து பாருங்கள். சொந்த ஆலைப் படம் போட்டிருந்தால் விட்டுவிடுங்கள். பொருள் வகை நிறைய இருந்து ஆலைப் படமே இல்லை என்றால் குறித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது வழி பலருக்குத் தெரியாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 டிசம்பர் 13 முதல் புதிய பொருள் பாதுகாப்பு விதி நடைமுறைக்கு வந்தது. அதன்படி, இணையத்தில் விற்கும் பொருளின் பக்கத்திலேயே உற்பத்தியாளர் பெயரும் முகவரியும் இருக்க வேண்டும். உற்பத்தியாளர் ஒன்றியத்துக்கு வெளியே இருந்தால், அங்கே பொறுப்பேற்கும் நிறுவனத்தின் பெயரும் முகவரியும் வேண்டும். ஒரு ஜெர்மன் இணையக் கடைக்குப் போய், நீங்கள் நெய்வதைப் போன்ற துண்டு ஒன்றைத் திறந்து, பொருள் விவரத்தின் அடியில் பாருங்கள். அங்கே கடையின் பெயர் இல்லாமல் வேறொரு பெயர் இருந்தால் அது பெரும்பாலும் இறக்குமதியாளர் அல்லது பிராண்ட்காரர். இப்படி ஒரு மாலையில் எனக்கு 11 பெயர் கிடைத்தது. அதில் 7 பேர் ஸ்டால்காரர் பட்டியலில் இருந்தார்கள்.

மூன்றாவது, அந்த நிறுவனத்தில் யாரைப் பார்ப்பது என்பது. ஜெர்மன் நிறுவன இணையதளம் எதுவாக இருந்தாலும் அடியில் Impressum என்று ஒரு பக்கம் இருக்கும். சட்டப்படி வைத்தே ஆக வேண்டிய பக்கம் அது. நிறுவனத்தின் சார்பில் கையெழுத்திடும் உரிமையுள்ளவர் பெயர், முகவரி, தொடர்பு விவரம் எல்லாம் அதில் இருக்கும். பத்து இருபது பேர் வேலை செய்யும் இறக்குமதியாளர் என்றால் அந்த முதலாளியே வாங்கும் முடிவை எடுப்பவர். பெரிய நிறுவனம் என்றால் Einkauf என்ற பிரிவைத் தேடுங்கள், கொள்முதல் என்று அர்த்தம். லிங்க்ட்இன்னில் நிறுவனப் பெயரோடு அந்தச் சொல்லையும் போட்டால் ஆள் கிடைப்பார். விற்பனை மேலாளர் பெயரைப் பட்டியலில் எழுதாதீர்கள். அவர் கார்டை வாங்கிப் பையில் போட்டுக்கொள்வார், அது அத்தோடு போயிற்று.

இங்கே ஒரு பொறி. "இந்தக் கண்காட்சியின் பார்வையாளர் பட்டியல், 12,000 மின்னஞ்சல், விலை இவ்வளவு" என்று மெயில் வரும். ஸ்டால் எடுத்தவருக்கு வாரம் நாலைந்து வரும். பார்வையாளர் விவரங்களை அமைப்பாளர்கள் இப்படி விற்பதில்லை, ஐரோப்பியத் தனியுரிமைச் சட்டம் அதற்கு இடம் தராது. பணம் கட்டாதீர்கள். அதே போல, "உங்கள் நிறுவன விவரத்தைச் சரிபார்த்துக் கையெழுத்திட்டு அனுப்பவும்" என்று கண்காட்சியின் பெயரோடு ஒரு படிவம் வரும். அடியில் பொடி எழுத்தில் ஏதோ ஒரு டைரக்டரியில் மூன்று வருடம் விளம்பரம் செய்ய ஒப்புக்கொண்டதாக இருக்கும். அப்புறம் வருடா வருடம் யூரோவில் பில் வரும். அமைப்பாளரின் சொந்த இணையதளத்தில் உள்நுழைந்து செய்யும் வேலை தவிர வேறு எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

5. பெயர்களைச் சலிப்பது

பெயர் சேர்ந்ததும் சலிக்க வேண்டும். நான் பார்ப்பது இரண்டே விஷயம்.

ஒன்று, அளவு. ஒரு டிசைனுக்கு, ஒரு நிறத்துக்கு நீங்கள் ஓட்டக்கூடிய குறைந்தபட்சமும் அதிகபட்சமும் என்ன? எங்களுக்கு 1,000 துண்டிலிருந்து 15,000 வரை. பெரிய சூப்பர் மார்க்கெட் சங்கிலி ஒரே தடவையில் லட்சக்கணக்கில் கேட்கும், அது எங்களுக்கு இல்லை. நூறு துண்டு கேட்கும் கடையும் இல்லை. நடுவில் இருக்கும் இறக்குமதியாளர்தான் எங்கள் ஆள்.

இரண்டு, சான்றிதழ். அவர்களின் பொருள் பக்கத்தில், துணியில் தீங்கான ரசாயனம் இல்லை என்று காட்டும் ஓகோ-டெக்ஸ், ஆர்கானிக் துணிக்கான காட்ஸ் முத்திரை இருக்கிறதா, சமூகப் பொறுப்புப் பக்கத்தில் தொழிலாளர் நிலைமையைப் பார்க்கும் பிஎஸ்சிஐ தணிக்கை கேட்கிறார்களா என்று பாருங்கள். உங்களிடம் இல்லாத தணிக்கையைக் கட்டாயமாகக் கேட்பவர் என்றால் அந்தப் பெயரை இந்த வருடப் பட்டியலிலிருந்து எடுத்து அடுத்த வருடத்துக்கு வையுங்கள். போய் நின்று "இல்லைங்க" என்று சொல்லிவிட்டு வந்தால், சான்றிதழ் எடுத்தபின் அவரிடம் மறுபடி கதவு தட்டுவது கஷ்டம்.

ஒவ்வொரு பெயருக்கும் ஒரு வரி எழுதுங்கள்: யார், எந்த ஹால், என்ன விற்கிறார், நான் என்ன காட்டப் போகிறேன், என்ன கேட்கப் போகிறேன். என் பட்டியலிலிருந்து ஒரு வரியைக் காட்டுகிறேன். வடக்கு ஜெர்மனியில் பன்னிரண்டு பேர் வேலை செய்யும் ஓர் இறக்குமதியாளர். அவர் விற்கும் துண்டுகளில் பாதிப்பருத்தி பாதிலினன், 50-க்கு 70 சென்டிமீட்டர், மூன்று சேர்ந்த செட். ஜெர்மன் வீடுகளில் கண்ணாடிக் கோப்பை துடைக்க இதைத்தான் விரும்புவார்கள், பஞ்சு உதிராது. அவருடைய கடைசி இரண்டு கேட்டலாக்கிலும் நிறம் மாறியிருந்தது, கட்டம் மாறவில்லை. அவருக்காக எழுதியது: "அதே அளவு, அதே கலவை, இரண்டு புதிய கட்டம், தூத்துக்குடி எஃப்ஓபி விலை 1,000, 3,000, 5,000 துண்டுக்குத் தனித்தனியாக. கேள்வி: லினன் கலவையை இப்போது எங்கே நெய்கிறார்?" எஃப்ஓபி என்றால் துறைமுகத்தில் கப்பலில் ஏற்றுவது வரையான செலவு சேர்ந்த விலை. இந்த ஒரு வரி எழுத எனக்கு ஒன்றரை மணி நேரம் ஆனது. சந்திப்பு பத்து நிமிடம்தான் நடந்தது, ஆனால் வேண்டாத பேச்சு ஒன்றும் இல்லை.

முப்பதையும் இந்த ஆழத்தில் செய்ய முடியாது. எட்டுப் பெயரை மேலே வைத்து அவற்றுக்கு மட்டும் இப்படி உழையுங்கள். அடுத்த பன்னிரண்டுக்கு அரை மணி நேரம். மீதி வழியில் பட்டால் பார்க்கலாம் என்ற கணக்கு. நான்கு நாள் கண்காட்சியில், ஹால்களுக்கு நடுவில் நடக்கும் தூரத்தையும் சேர்த்தால், ஒரு நாளுக்கு ஆறு உருப்படியான சந்திப்புக்கு மேல் நடக்காது.

6. முன்கூட்டியே நேரம் வாங்குவது

ஆறு வாரம் முன்பு ஆரம்பியுங்கள். டிசம்பர் 20-க்குப் பிறகு ஐரோப்பாவில் யாரும் மெயில் பார்ப்பதில்லை, ஜனவரி முதல் வாரம்தான் திரும்புவார்கள். ஹைம்டெக்ஸ்டில் என்றால் நவம்பர் கடைசியில் முதல் மடல் போக வேண்டும்.

எல்லோருக்கும் ஒரே மடலை அனுப்பாதீர்கள். ஜெர்மனியில் முன் அனுமதி இல்லாத விளம்பர மெயிலுக்குச் சட்டத்திலேயே தடை உண்டு, நிறுவனத்துக்கு நிறுவனம் அனுப்பினாலும்தான். எட்டுப் பேருக்கு நான் முதலில் போன் செய்தேன். ஆங்கிலத்தில் ஒரே கேள்வி: "உங்கள் ஸ்டாலுக்குக் கொள்முதல் பார்ப்பவர் எந்த நாள் வருவார்? அவருக்கு எழுதலாமா?" ஐந்து இடத்தில் பெயரும் நாளும் சொன்னார்கள். அவர்களுக்கு ஐந்து வரியில் மடல் எழுதினேன். அதில் அவர்கள் விற்கும் பொருள் ஒன்றின் பெயர், நான் காட்டப் போவது, நான் கேட்பது பதினைந்து நிமிடம். இணைப்பில் கேட்டலாக் போடவில்லை, ஒரே ஒரு படம்.

ஸ்டால் வைத்திருப்பவர் அங்கே விற்க வந்திருக்கிறார். அவருடைய வாடிக்கையாளர் நிற்கும்போது நாம் போய்ப் பையைத் திறந்தால் கோபப்படுவார், நியாயம்தான். முதல் இரண்டு நாள் காலையில் கேட்காதீர்கள். மாலை நான்கு மணிக்கு மேல், அல்லது கடைசி நாள் காலை. பல கண்காட்சிகளில், ஸ்டால் இல்லாதவர் நடைபாதையில் சாம்பிள் காட்டி விற்பது விதிமீறல், வெளியே அனுப்பிவிடுவார்கள். நேரம் வாங்கியிருந்தால் இந்தச் சிக்கலே இல்லை.

7. காகிதம், விசா, நாள் கணக்கு

ஏற்றுமதி இறக்குமதிக்கான ஐஇசி எண், உங்கள் ஏற்றுமதிக் கவுன்சில் தரும் உறுப்பினர் சான்றான ஆர்சிஎம்சி, சிறுதொழிலுக்கான உத்யம் பதிவு, ஜிஎஸ்டி ஆகியவை உயிரோடு இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். பருத்தித் துணிக்கு டெக்ஸ்புரோசில் என்ற கவுன்சில், கைத்தறி என்றால் சென்னையில் இருக்கும் கைத்தறி ஏற்றுமதி மேம்பாட்டுக் கவுன்சில். கவுன்சில் அரங்கில் ஸ்டால் எடுத்தால் தனியாக எடுப்பதைவிட மலிவு, தகுதி இருந்தால் அரசுத் திட்டத்தில் செலவில் ஒரு பகுதியும் திரும்பக் கிடைக்கும். தகுதி வரம்பும் தொகையும் மாறிக்கொண்டே இருப்பதால் அந்த வருடச் சுற்றறிக்கையைக் கேட்டு வாங்குங்கள். பயணத்துக்கு முன்பே விண்ணப்பிக்க வேண்டியிருக்கும், திரும்பி வந்து கேட்டால் நடக்காது. போர்டிங் பாஸைத் தூக்கிப் போடாதீர்கள். போகும் வழிக்கும் வரும் வழிக்கும் எல்லாத் துண்டும் வேண்டும். நான் ஒன்றைத் தொலைத்து, விமான நிறுவனத்திடம் பயணச் சான்று வாங்க இரண்டு மாதம் அலைந்தேன்.

ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிலிருந்து விண்ணப்பிக்கலாம். கட்டணம் 90 யூரோ, விண்ணப்ப மையத்தின் கட்டணம் தனி. முடிவு சாதாரணமாக 15 நாளில் வரும், இன்னும் விவரம் தேவை என்று நினைத்தால் 45 நாள் வரை இழுக்கலாம். ஜனவரிப் பயணத்துக்கு நான் அக்டோபர் கடைசியில் கொடுத்துவிடுவேன். அப்பாயின்ட்மென்ட் கிடைப்பதே சில சமயம் வாரக்கணக்கில் போகும். குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு, கண்காட்சி டிக்கெட், தங்குமிட முன்பதிவு, வங்கி அறிக்கை, வருமான வரித் தாக்கல், நிறுவனக் கடிதம் ஆகியவை வேண்டும். அந்தக் கடிதத்தில் "கண்காட்சியைப் பார்க்க" என்று மட்டும் எழுதாமல், நேரம் கொடுத்த நிறுவனங்களின் பெயரையும் நாளையும் எழுதினேன். உறுதி செய்த மெயில்களை அச்சிட்டு வைத்தேன். பட்டியல் இங்கேயும் உதவியது.

தங்க ஃபிராங்க்ஃபர்ட்டிலேயே தேடாதீர்கள். கண்காட்சி வாரத்தில் அறை வாடகை இரண்டு மடங்கு, மூன்று மடங்கு ஏறும். மைன்ட்ஸ், டார்ம்ஸ்டாட், ஹனாவ் போன்ற பக்கத்து ஊர்களில் எடுத்து ரயிலில் வரலாம். மைதானத்துக்கென்றே புறநகர் ரயில் நிலையம் இருக்கிறது. நுழைவுச் சீட்டை முன்கூட்டி இணையத்தில் எடுங்கள்.

சாம்பிள் எடுத்துப் போகும்போது, விற்க முடியாதபடி ஓரத்தில் ஓட்டை போடுங்கள், அல்லது அழியாத மையில் சாம்பிள் என்று முத்திரை குத்துங்கள். மதிப்பில்லா சாம்பிள் என்று சுங்கத்தில் சொல்ல அதுதான் வழி. முழுசாக, அழகாக இருபது செட் கொண்டுபோய், "வியாபாரச் சரக்கா?" என்று கேட்கப்பட்டு நின்றவரை எனக்குத் தெரியும். முழுப் பொருளைக் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவர வேண்டுமென்றால் ஃபிக்கி என்ற வர்த்தகக் கூட்டமைப்பு தரும் ஏடிஏ கார்னே என்ற தற்காலிகச் சுங்க ஆவணம் எடுக்க வேண்டும். ஒரு பை சாம்பிளுக்கு அது தேவையில்லை.

8. அங்கேயும், திரும்பி வந்ததும்

ஒவ்வொரு சந்திப்பு முடிந்ததும் அடுத்த ஹாலுக்குப் போகும் முன் சுவரோரமாக நின்று இரண்டு நிமிடம் எழுதுங்கள். எந்தத் துணியைக் கையில் எடுத்து மடித்துப் பார்த்தார், எந்த விலையில் முகம் மாறியது, என்ன அனுப்புவதாகச் சொன்னேன், எந்தத் தேதிக்குள். மாலையில் எழுதலாம் என்று விட்டால் ஆறு பேரும் ஒருவராகிவிடுவார்கள்.

தேதி சொல்லும்போது ஒன்றைக் கவனியுங்கள். ஹைம்டெக்ஸ்டில் 2025-ல் ஜனவரி 14 முதல் 17 வரை, 2026-ல் 13 முதல் 16 வரை. இரண்டும் பொங்கல் வாரம். நீங்கள் அங்கே "ஒரு வாரத்தில் சாம்பிள்" என்று சொல்லும் அன்று இங்கே தறி நின்றிருக்கும், நெசவாளர்கள் ஊருக்குப் போயிருப்பார்கள், சாயப்பட்டறை திறக்க இன்னும் நாள் ஆகும். நான் 18 வேலைநாள் என்று சொன்னேன், பதினைந்தில் அனுப்பினேன். வடக்கு ஜெர்மனிக்காரர் அதைக் குறிப்பிட்டு எழுதினார். கேட்கும் வாய்ப்புள்ள இரண்டு மூன்று கட்டத்தைக் கிறிஸ்துமஸுக்கு முன்பே மீட்டர் கணக்கில் நெய்து வைத்துவிட்டுப் போனால் இன்னும் வேகம்.

31 பெயரில் 19 பேரைப் பார்த்தேன். 4 பேர் சாம்பிள் கேட்டார்கள். ஏழு மாதம் கழித்து ஒருவர் 3,000 செட் ஆர்டர் போட்டார், அடுத்த வருடம் அவரே மூன்று முறை போட்டார். இன்னொருவர் இரண்டாவது கண்காட்சியில் மறுபடி பார்த்த பிறகுதான் வாங்கினார். முதல் வருடமே ஆர்டர் வராவிட்டால் அந்தப் பெயரை அடித்துவிடாதீர்கள். சாம்பிள் கேட்டவர், விலைக்குப் பதில் எழுதியவர், அடுத்த முறை வாருங்கள் என்று தானாகச் சொன்னவர், இந்த மூன்று வகையும் அடுத்த வருடப் பட்டியலின் மேலே போக வேண்டும்.

ஸ்டால் எப்போது எடுப்பது என்று கேட்பீர்கள். என் கணக்கு இது: இரண்டு முறை பார்வையாளராகப் போய்வந்த பிறகு, "நீங்கள் ஸ்டால் போட்டால் வந்து பார்க்கிறேன்" என்று பெயர் சொல்லி ஒப்புக்கொண்டவர்கள் பத்துப் பேர் இருக்க வேண்டும். எனக்கு இப்போது ஏழு பேர் இருக்கிறார்கள். வரும் ஜனவரிக்கும் பார்வையாளர் டிக்கெட்தான் எடுத்திருக்கிறேன்.